அமைதியான படிப்பறைக்கு ஒரு வாடகை அறிவிப்பு: மதுரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையில் அழகர் கோவில் சாலையிலிருந்து பிரியும் ஒரு குடியிருப்புத் தெருவில், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தம் வீட்டு மாடியைப் போட்டித் தேர்வு எழுதுவோருக்கான படிப்பறையாக மாற்றி, 2025 ஜனவரியில் பொங்கல் முடிந்த கையோடு திறந்தார். தரைத்தளத்தில் அவர் குடியிருக்கிறார். மாடியில் ஒரே கூடம், அதில் 24 மேசைகள், ஒரு கழிவறை, வெளியே தகரக் கூரை போட்ட மொட்டைமாடி. அந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட இடத்தை ஸ்டடி ஹால் என்றோ ரீடிங் ரூம் என்றோதான் சொல்வார்கள்.

மதுரையில் கட்டணமில்லாமல் உட்கார்ந்து படிக்க இடமே இல்லை என்று சொல்ல முடியாது. 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அது போக மாவட்ட மைய நூலகமும் உண்டு. அப்படியிருந்தும் மாதப் பணம் கட்டி மாடி அறைக்கு வருபவர்களுக்குத் தேவைப்படுவது இரண்டுதான்: நூலகம் திறப்பதற்கு முன்னும் மூடிய பின்னும் உட்கார ஓர் இடம், நேற்று விட்டுச் சென்ற புத்தகம் இன்றும் அதே மேசையில் இருக்கும் என்ற உறுதி. ஆகவே வாடகை அறிவிப்பு பதில் சொல்ல வேண்டிய கேள்விகளும் இவ்விரண்டிலிருந்தே பிறக்கின்றன. இந்த நிகழ்வில் தகராறு எழுந்ததும் இதே இரண்டு இடங்களில்தான்.

சிறு வணிகங்களுக்கு நோட்டீஸ் வாசகமும் விளம்பர வாசகமும் எழுதிக் கொடுப்பது என் தொழில். அந்த ஆசிரியையின் உறவுப் பெண் வழியாக மார்ச் மாதத்தில் என்னை அழைத்தார்கள். புதிய நோட்டீஸ் ஒன்று வேண்டும் என்பதுதான் கேட்கப்பட்ட வேலை. ஆனால் அதற்குள் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டிருந்தனர்.

முதல் அறிவிப்பு

ஜனவரியில் அச்சடித்து, பயிற்சி மையங்களின் வாசலிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் கொடுத்த பிட் நோட்டீஸில் இருந்தது இவ்வளவுதான்:

“போட்டித் தேர்வுக்குத் தயாராகும் மாணவ மாணவியருக்கு ஓர் அரிய வாய்ப்பு! முற்றிலும் அமைதியான சூழல். தனி மேசை வசதி. 24 மணி நேரமும் படிக்கலாம். ஏசி, வைஃபை, குடிநீர் உண்டு. கட்டணம் மிகக் குறைவு. தொடர்புக்கு:” இதன் கீழே ஒரு கைபேசி எண்.

ஊரில் எந்த ஸ்டடி ஹால் நோட்டீஸை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே வரிகள்தான் இருக்கும். எழுதியவருக்கு யாரையும் ஏமாற்றும் எண்ணம் துளியும் இருக்கவில்லை. நோட்டீஸைப் பார்த்து முதல் ஐந்து வாரங்களில் 31 பேர் சேர்ந்தனர். காலையில் சிலர், மாலையில் சிலர் என்று வருவதால் 24 மேசைக்கு 31 பேரைச் சேர்க்கலாம் என்று ஆசிரியை கணக்குப் போட்டிருந்தார். மார்ச் நடுவில் 17 பேர்தான் மிச்சம்.

கவனித்தவை

தகராறு வெடித்தது மேசையில்தான். குரூப் 2 முதன்மைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், தன் குறிப்புகளையும் நாளிதழ் வெட்டுகளையும் மேசையில் அடுக்கி வைத்துவிட்டு மதியம் வீட்டுக்குப் போய் வந்தபோது, வங்கித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் ஒருவர் அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தார். ‘தனி மேசை’ என்பதை அந்தப் பெண் ‘எனக்கென்று ஒதுக்கிய மேசை’ என்று எடுத்துக்கொண்டார். ஆசிரியை நினைத்ததோ பக்கத்தில் தடுப்பு வைத்த மேசை என்பதை. அந்த இளைஞரும் தவறு செய்ததாகச் சொல்ல முடியாது. காலியாக இருக்கும் எந்த மேசையிலும் உட்காரலாம் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண் மறுநாளே பணத்தைத் திருப்பிக் கேட்டார். கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க எழுத்தில் எதுவும் இல்லை.

மேசைகளின் அமைப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, எட்டடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள பலகைகளாக ஆறு வரிசை போட்டு, ஒவ்வொன்றையும் தடுப்பு வைத்து நான்காகப் பிரித்திருந்தார் தச்சர். ஒருவருக்கு இரண்டடி இடம். வினாத்தாளைத் தீர்த்துப் பழகுபவருக்கு அது போதும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளிப் பாடநூல்களைப் பக்கத்தில் வைத்துக் குறிப்பெடுக்கும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வருக்குப் போதாது. திறந்த புத்தகம் ஒன்று, நோட்டு ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று வைத்தாலே முழங்கை தடுப்பில் இடித்தது.

அமைதியைப் பற்றிய புகார்கள் இவ்வளவு தெளிவாக வரவில்லை. போனவர்களிடம் பேசியபோது, “சத்தமா இருக்கு சார்” என்பதற்கு மேல் பலர் சொல்லவில்லை. ஆகவே ஆசிரியையும் நானும் கூடத்தில் வெவ்வேறு வரிசைகளில் உட்கார்ந்து, காதில் விழுந்ததையெல்லாம் நேரத்தோடு குறித்துக்கொண்டோம். தெருவில் போகும் வாகனங்களே காரணம் என்று அவர் நினைத்திருந்தார். பட்டியலில் அவை கீழே போயின. மேலே வந்தவை பெரும்பாலும் கூடத்துக்குள்ளேயோ அந்த வீட்டிலேயோ பிறந்தவை. டைல்ஸ் தரையில் நாற்காலி இழுபடும் சத்தம், உதட்டளவில் வாய்விட்டுப் படிப்பவர்களின் முணுமுணுப்பு, சி.ஏ. தேர்வுக்குப் படிக்கும் ஒருவரின் பெரிய கால்குலேட்டர், மாடிப்படிக்கு அடியில் இருந்த தண்ணீர் மோட்டார், காலை ஒன்பதரைக்கு மேல் கீழ்வீட்டிலிருந்து வரும் மிக்ஸி. மிக்ஸி தம்முடையது என்று தெரிந்ததும் ஆசிரியை சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இத யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே தம்பி” என்றார். மாணவர்கள் வீட்டுக்கார அம்மாவிடம் அதைச் சொல்லத் தயங்கியிருப்பார்கள்.

நாங்கள் எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. நான் உட்கார்ந்திருந்த பலகையின் மறுகோடியில் ஒருவர் கைபேசியைச் ‘சைலண்ட்’டில்தான் போட்டிருந்தார். அழைப்பு வந்ததும் அது மேசைமேல் அதிர்ந்தது. நான்கு மேசைகளும் ஒரே பலகை என்பதால் அந்த அதிர்வு என் முழங்கை வரை வந்தது. என் முன்னால் இருந்த பேனா மெல்ல உருண்டு தடுப்பில் முட்டி நின்றது. நால்வரும் தலை நிமிர்ந்தோம். அறையில் சத்தமே கேட்கவில்லை என்று அந்தக் கைபேசிக்காரர் உறுதியாகச் சொல்லியிருப்பார்; அவர் அளவில் அது உண்மைதான். ‘கைபேசியைச் சைலண்டில் வைக்கவும்’ என்று சுவரில் எழுதுவதால் மட்டும் ஒன்றும் தீராது என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. விமானப் பயன்முறையில் போட்டாலும், வைஃபையைத் திரும்ப இயக்கிவிட்டால் வாட்ஸப் அழைப்பு வரத்தான் செய்யும், கைபேசியும் அதிரத்தான் செய்யும்.

நேரத்தைப் பற்றிய குறை சிறியதுதான், ஆனால் நேரடியானது. ‘24 மணி நேரமும்’ என்று அச்சிட்டிருந்தாலும் இரவு 11 மணிக்கு ஆசிரியை கேட்டைப் பூட்டிவிடுவார். தனியாக இருக்கும் பெண்மணி அவர். அப்படிப் பூட்டுவதில் யாரும் குறை காண முடியாது. இரவு முழுக்கப் படிக்கலாம் என்று நம்பி வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டனர்.

கட்டணத்தில் நடந்தது இன்னும் வருத்தத்துக்குரியது. ‘மிகக் குறைவு’ என்று போட்டதால் அழைத்த ஒவ்வொருவரும் பேரம் பேசினர். கேட்டவரைப் பார்த்து, சொன்ன குடும்ப நிலையைக் கேட்டு, ஆசிரியை இரக்கப்பட்டு 800 முதல் 1,200 ரூபாய் வரை வெவ்வேறு தொகை வாங்கியிருந்தார். பக்கத்துப் பக்கத்து மேசைக்காரர்கள் தேநீர்க் கடையில் பேசிக்கொண்டபோது இந்த வித்தியாசம் வெளிப்பட்டது. 1,200 கட்டியவர்களுக்கு வந்த கோபம் அந்த 400 ரூபாய்க்காக மட்டும் வந்ததன்று. ஆள் பார்த்து விலை சொன்னார்கள் என்ற எண்ணம் ஒருமுறை விழுந்துவிட்டால், அந்த இடத்தில் வேறு எந்த விதியையும் யாரும் மதிப்பதில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நோட்டீஸை எழுத உட்காருவதற்கு முன்பே, அறையில் மாற்ற வேண்டியவற்றை மாற்றிவிட வேண்டும் என்று ஆசிரியையிடம் சொன்னேன். இல்லாத அமைதியை எவ்வளவு நல்ல தமிழில் எழுதினாலும் வருபவர் ஒரே காலையில் கண்டுபிடித்துவிடுவார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைச் சேவைகளுக்கும் சேர்த்தே தடுக்கிறது என்பதையும் அவருக்கு விளக்கினேன். ஆனால் அவரை இசைய வைத்தது சட்டமன்று. தம்மிடம் படிக்க வந்த பிள்ளைகள் தம்மைப் பற்றி வெளியில் என்ன பேசுகிறார்கள் என்ற கவலைதான்.

மேசையில் தொடங்கினோம். ஆறு பலகைகளில் நான்கின் தடுப்புகளைக் கழற்றி, நான்குக்குப் பதில் மூன்றாகப் பிரித்தோம். ஒருவருக்கு இரண்டடி எட்டு அங்குலம் கிடைத்தது. அப்படி 12 பெரிய மேசைகளும், மீதி இரு பலகைகளில் எட்டுச் சிறிய மேசைகளும் ஆயின. மொத்தம் 20. நான்கு இடங்கள் குறைந்தது ஆசிரியைக்கு மனத்தாங்கல்தான். ஆனால் 24 இடங்களும் ஒரு நாள்கூட முழுதாக நிறைந்து நின்றதில்லை என்பதை வருகைப் பதிவேடே காட்டியது. ஒரு மேசைக்கு ஒருவர், அவர் வந்தாலும் வராவிட்டாலும் அது அவருடையது என்பதை அடிப்படை விதியாக வைத்தோம். ஒரே மேசையை இரு வேளைகளுக்கு இருவருக்குக் கொடுத்தால் வருமானம் கூடும் என்பது உண்மை. ஆனால் புத்தகத்தை விட்டுச் செல்ல முடியாத இடத்துக்குப் பணம் கட்டி வர அவர்களுக்குக் காரணமே இருக்காது.

அமைதிக்கு நாங்கள் எடுத்த முக்கியமான முடிவு, எல்லாரையும் ஒரே விதிக்குள் அடைக்காமல், படிக்கும் முறையைப் பொறுத்து இடத்தைப் பிரித்ததுதான். தெருப்பக்க ஜன்னலை ஒட்டிய பலகையில் எப்படியும் வெளிச்சத்தம் கேட்கும். அந்த நான்கு சிறிய மேசைகளை லேப்டாப்பில் மாதிரித் தேர்வு எழுதுபவர்களுக்கும், கால்குலேட்டர் தட்டுபவர்களுக்கும், இயர்போனில் வகுப்பு கேட்பவர்களுக்கும் ஒதுக்கினோம். உள்பக்கம் உள்ள 16 மேசைகளில் கைபேசியே கூடாது. வாசலருகே எண் போட்ட மரத்தட்டில் அணைத்து வைத்துவிட வேண்டும். வாய்விட்டுப் படித்தால்தான் மனத்தில் நிற்கும் என்பவர்களும் இருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் அப்படியே படித்து வந்தவர்களைக் குற்றவாளிகள் போல நடத்துவது நியாயமாகாது. அவர்களுக்கும், ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் படிப்பவர்களுக்கும், சாப்பிடுபவர்களுக்கும் மொட்டைமாடித் தகரக் கூரையின் கீழ் இரண்டு பெஞ்சுகள் போட்டோம்.

கைபேசியை வாங்கி வைப்பதில் ஒரு நியாயமான எதிர்ப்பு வந்தது. கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வரும் பெண் ஒருவர், “வீட்டுல இருந்து கூப்பிட்டா நான் எப்படி டீச்சர் தெரிஞ்சுக்குறது?” என்று கேட்டார். அதற்காகத் தரைத்தளத்துத் தொலைபேசி எண்ணை வீட்டார் அழைக்கலாம் என்றும், அழைப்பு வந்தால் ஒரு துண்டுச் சீட்டை மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள் என்றும் ஏற்பாடு செய்தோம். இந்த ஒரு வரி நோட்டீஸில் இருந்ததால்தான் தயங்கிய பலர் கைபேசி விதிக்கு ஒத்துக்கொண்டனர்.

நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி போட்டதும், கதவு ஓசையில்லாமல் சாத்திக்கொள்ளும்படி செய்ததும் ஒரு நாள் வேலை. மோட்டாரைக் காலை ஐந்துக்கு முன் போட்டுவிடுவது, மிக்ஸி வேலையை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவது என்ற இரண்டையும் ஆசிரியை தாமே ஏற்றுக்கொண்டார். குரூப் 4 தேர்வு நடக்கும் காலை 9.30 முதல் 12.30 வரையான மூன்று மணி நேரத்தைப் பலர் அதே நேரத்தில் மாதிரி வினாத்தாள் எழுதிப் பழகப் பயன்படுத்தியதால், அந்த நேரத்தில் கூடத்தைப் பெருக்குவதில்லை, அறையைப் பார்க்க வரும் புதியவர்களை உள்ளே விடுவதில்லை என்றும் முடிவாயிற்று.

டெசிபல் கணக்கை நோட்டீஸில் போடலாமா என்று உறவுப் பெண் கேட்டார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன; நம் அறை அதற்குக் கீழே என்று எழுதினால் எடுப்பாக இருக்கும் என்பது அவர் எண்ணம். நான் வேண்டாம் என்றேன். கைபேசிச் செயலியில் அளக்கும் எண் கைபேசிக்குக் கைபேசி மாறும். எண்ணைப் போட்டுவிட்டால் வருபவரும் தம் கைபேசியில் அளந்து பார்த்து வாதிடுவார். அதைவிட முக்கியமான காரணம், படிப்பவரைக் கலைப்பது பெரும்பாலும் சத்தத்தின் அளவன்று. சீராக ஓடும் மின்விசிறி அதிக ஒலி எழுப்பினாலும் காது அதை மறந்துவிடுகிறது. இரண்டு பேர் கிசுகிசுப்பதை மறப்பதில்லை. அதில் சொற்கள் இருக்கின்றன.

வெளிச்சத்தத்தை மறைக்காமல் எழுத வேண்டும் என்பதில்தான் ஆசிரியைக்கும் எனக்கும் நீண்ட விவாதம் நடந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்த நாள் காலையில் மேளம் கேட்கும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வருவது அழகர் கோவில் சாலை வழியாகத்தான். “நாமளே நம்ம குறையச் சொன்னா யாரு வருவா?” என்று கேட்டார். மதுரையில் பிறந்தவர் யாருக்கும் எதிர்சேவையன்று அந்தச் சாலை எப்படியிருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவருக்குத்தான் தெரியாது. முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ஏமாற்றப்பட்டதாக நினைக்கப்போகிறவரும் அவர்தான். சொல்லிவிட்டு, அதற்கு ஈடாக நாள்களைக் கூட்டிக் கொடுப்பது என்று முடிவு செய்தோம்.

கட்டணத்தை மேசைப்படி மூன்றாக்கினோம்: பெரியது 1,300, உள்பக்கச் சிறியது 1,100, தெருப்பக்கம் 900. ஆள் யாராக இருந்தாலும் மேசைக்கு ஒரே விலை. மாதம் என்பது சேரும் தேதியிலிருந்து 30 நாள்கள். முன்பணம் 500 ரூபாய், விலகும் நாளில் திருப்பித் தரப்படும். தேர்வு முடிந்து இடையில் விலகுபவருக்கு என்ன செய்வது என்பதை நிறையவே யோசித்தோம். மீதி நாள்களுக்கு முழுதாகத் திருப்பிக் கொடுத்தால் தேர்வு முடிந்த வாரத்தில் கையிருப்பு காலியாகிவிடும். ஒன்றும் கொடுக்காவிட்டால் தேர்வு மாதத்தில் புதிதாக யாரும் சேரமாட்டார்கள். ஆகவே 15 நாள் முடிவதற்குள் விலகினால் பாதிக் கட்டணம் திரும்பும், அதற்குப் பிறகு திரும்பாது என்று வைத்தோம். ஏழ்மை நிலையில் இருப்பவருக்கு ஆசிரியை குறைத்துக் கொடுக்க விரும்பினால், தெருப்பக்க மேசைகளில் ஒன்றை அதற்கென்று ஒதுக்கி, அதையும் நோட்டீஸிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடலாம் என்று யோசனை கூறினேன். அது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

புதிய வாசகம்

ஏப்ரல் 1 முதல் கொடுக்கப்பட்ட நோட்டீஸின் வாசகம் இது. முகவரியையும் எண்களையும் மட்டும் விட்டுவிட்டேன்.

“தேர்வுக்குப் படிப்போருக்கு மாத வாடகையில் மேசைகள். அழகர் கோவில் சாலை அருகில், முதல் மாடி. மொத்தம் 20 மேசைகள்.

மேசை: நீங்கள் எடுக்கும் மேசை அந்த மாதம் முழுவதும் உங்களுடையது. நீங்கள் இல்லாத நேரத்திலும் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். புத்தகங்களை விட்டுச் செல்லலாம். பெரிய மேசை 2 அடி 8 அங்குலம், சிறிய மேசை 2 அடி. ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கும் பிளக்கும் உண்டு.

அமைதி: கூடத்துக்குள் பேச்சு, கிசுகிசுப்பு, வாய்விட்டுப் படித்தல் கிடையாது. உள்பக்க மேசைகளுக்குக் கைபேசியைக் கொண்டு செல்ல முடியாது. வாசலில் அணைத்து வைக்க வேண்டும். அவசரம் என்றால் உங்கள் வீட்டார் கீழ்த்தளத்து எண்ணை அழைக்கலாம். உங்கள் மேசைக்குச் சீட்டு வரும். லேப்டாப், கால்குலேட்டர், இயர்போன் தேவைப்படுவோருக்குத் தெருப்பக்க மேசைகள். பேசவும், சாப்பிடவும், வாய்விட்டுப் படிக்கவும் மொட்டைமாடியில் நிழலான இடம் உண்டு. காலை 9.30 முதல் 12.30 வரை கூடத்தில் எந்த வேலையும் நடக்காது.

எங்கள் கையில் இல்லாதது: முகூர்த்த நாள்களில் காலையில் மண்டபத்து மேளம் கேட்கும். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை நாளும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் விடுமுறை. அந்த இரண்டு நாள்கள் உங்கள் மாதத்தில் கூட்டித் தரப்படும்.

நேரம்: தினமும் காலை 5 முதல் இரவு 10.30 வரை. ஞாயிறும் உண்டு. 10.30க்குக் கேட் பூட்டப்படும்; இரவு தங்க இயலாது.

கட்டணம், சேரும் தேதியிலிருந்து 30 நாளுக்கு: பெரிய மேசை ரூ.1,300, உள்பக்கச் சிறிய மேசை ரூ.1,100, தெருப்பக்க மேசை ரூ.900. முன்பணம் ரூ.500, விலகும் நாளில் திருப்பித் தரப்படும். 15 நாளுக்குள் விலகினால் பாதிக் கட்டணம் திரும்பும். அதன் பின் திரும்பாது. பேரம் இல்லை. கட்ட இயலாத ஒருவருக்குத் தெருப்பக்கத்தில் ஒரு மேசை இலவசம். நேரில் வந்து கேட்கவும்.

சேருவதற்கு முன் ஒரு முழுக் காலைப் பொழுது உட்கார்ந்து பார்க்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.”

கடைசி வரியைச் சேர்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. அமைதியை எழுத்தில் முழுதாகக் காட்டிவிட முடியாது. உட்கார்ந்து பார்த்தபின் சேருபவர், தமக்கு ஒத்துவரும் இடம்தான் என்று தாமே முடிவெடுத்து வருகிறார்.

பின்னர் நடந்தவை

முதலில் அழைப்புகள் குறைந்தன. ஜனவரி நோட்டீஸுக்கு வந்ததில் பாதிகூட ஏப்ரல் தொடக்கத்தில் வரவில்லை; ஆசிரியை கலங்கித்தான் போனார். ஆனால் அழைத்தவர்கள் ‘எவ்வளவு’ என்று கேட்பதை விட்டு, ‘பெரிய மேசை காலியா’ என்று கேட்டார்கள். ஏப்ரல் இறுதியில் குரூப் 4 அறிவிக்கை வெளியானதும் பெரிய மேசைகள் பன்னிரண்டும் நிறைந்துவிட்டன. ஜூன் மாதத்தில் 20 மேசைகளில் 19 நிறைந்திருந்தன. இலவச மேசையும் அந்தப் பத்தொன்பதில் ஒன்று. காலியாக இருந்ததும் தெருப்பக்க மேசைதான். அந்த மாதக் கட்டண வரவு 21,800 ரூபாய். 31 பேர் சேர்ந்து 17 பேராகக் குறைந்த காலத்தில் கைக்கு நின்றதைவிட இது கூடுதல்.

வாய்விட்டுப் படிக்கும் மூவர், மொட்டைமாடி வெயில் தாங்காது என்று மே மாதத்தில் விலகினர். கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் மதியம் உட்கார முடியாது என்பது உண்மை. அவர்களுக்குப் பாதிக் கட்டணம் திருப்பித் தரப்பட்டது. மே 11, 12 தேதிகளில் அறை மூடியிருந்தது. நாள் கூட்டித் தரப்பட்டதால் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

புகார்களின் தன்மையும் மாறிற்று. முன்பு ‘சத்தமா இருக்கு’ என்று பொதுவாகச் சொன்னவர்கள், இப்போது ‘பத்து மணிக்கு மோட்டார் ஓடுது டீச்சர்’ என்று குறிப்பாகச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்த வாக்குறுதி கையில் இருந்ததால் தயக்கம் போய்விட்டது. அப்படிச் சொன்ன அன்றே மோட்டாருக்கு நேரக் கருவி ஒன்று பொருத்தப்பட்டது.

ஜூலை 12 அன்று குரூப் 4 தேர்வு நடந்து முடிந்ததும் ஒன்பது பேர் விலகினர். அவர்களில் நால்வருக்கு 15 நாள் முடிந்திருக்கவில்லை. பாதிக் கட்டணம் திரும்பியது. மற்றவர்கள் கேட்கவே இல்லை. 16ஆம் நாளில் விலகிய ஒருவர் மட்டும் ஒரு நாள்தானே என்று கேட்டார்; ஆசிரியை நோட்டீஸைக் காட்டி மறுத்தார். மறுத்தது சரிதான் என்பது என் கருத்து. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் பழைய 800, 1,200 கதை மறுபடியும் தொடங்கிவிடும்.

மாற்ற வேண்டியவை

மின்தடையைப் பற்றி நோட்டீஸில் ஒரு வரியும் இல்லை. துணை மின்நிலையப் பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவித்துக் காலையிலிருந்து பல மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களில், இன்வெர்ட்டரில் விளக்கும் மின்விசிறியும் ஓடும், ஏசி ஓடாது. பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டர் சத்தமும் சேர்ந்துகொள்ளும். ‘எங்கள் கையில் இல்லாதது’ என்ற பகுதியில் இது அடுத்த அச்சில் சேரும். ஏசி எந்த மாதங்களில், எந்த நேரத்தில் ஓடும் என்பதையும் எழுத வேண்டும்; ஜூனில் ஏசியின் குளிர் அளவு குறித்து இரண்டு மேசைகளுக்கிடையே தினமும் சிறு சச்சரவு நடந்தது.

பேச்சுக்கான இடத்தை மொட்டைமாடியில் மட்டும் வைத்தது கோடைக்குப் பொருந்தவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் உள்ள சிறிய இடத்துக்குக் கதவு வைத்து அங்கே மாற்றலாம் என்று தச்சரிடம் பேசியிருக்கிறார்கள். அது முடியும்வரை, ஏப்ரல், மே மாதங்களில் சேர வருபவர் வாய்விட்டுப் படிக்கும் பழக்கமுள்ளவர் என்றால், அவரிடம் மதிய நேர வெயிலைப் பற்றிச் சேர்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, தேர்வுக்கு முந்தைய வாரம். அந்த வாரத்தில் சளி, இருமலோடு வந்தவர்களை என்ன செய்வது என்று ஆசிரியைக்குத் தெரியவில்லை. தேர்வு நெருங்கும்போது வீட்டுக்குப் போ என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் இருப்பவர்களாலோ படிக்க முடியவில்லை. காலியாகக் கிடந்த தெருப்பக்க மேசையை அதற்கென்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. இருமல் தீரும்வரை அங்கே உட்காரலாம், அவருடைய சொந்த மேசை அவருக்காகவே காத்திருக்கும், கட்டணத்தில் மாற்றம் இல்லை என்று ஒரு வரி போதும். அதை அடுத்த நோட்டீஸில் சேர்க்க ஆசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார்.